‘௸’ என்றால் எந்த மருந்து? சித்த வைத்தியரின் கேஸ் ஷீட்டுகளை அட்டவணையாக்கிய கதை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சித்த வைத்தியசாலை இருக்கிறது. வைத்தியர் ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மகள் பி.எஸ்.எம்.எஸ். முடித்து அவரோடு உட்கார்ந்து நோயாளி பார்க்கிறார். பழைய நோயாளி யாராவது வந்து “அப்பா பத்து வருஷம் முன்னால ஒரு மருந்து குடுத்தாரே, அதையே குடுங்க” என்று கேட்டால், அவர் பரண்மேல் ஏறித் துணி மூட்டையை இறக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு நாள் இறக்கிய மூட்டையோடு என்னைக் கூப்பிட்டனுப்பினார். “அண்ணா, இதைக் கம்ப்யூட்டர்ல தேடுற மாதிரி ஆக்க முடியுமா?”

நான் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் டேட்டா வேலை பார்க்கிறவன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு மாதம் ஆனது.

மூட்டையில் சுமார் 1,100 தாள்கள். ஒரு நோயாளிக்கு ஒரு தாள், இடம் போதாவிட்டால் பின்னால் இன்னொன்று குத்தியிருக்கும். மேலே எண், பெயர், வயது, ஊர். அதன் கீழே ஐயாவின் கையெழுத்தில் நோயாளி சொன்னது, பிறகு நாடி, நா, மலம், நீர் என்று அவர் கண்டது, கடைசியில் மருந்தும் பத்தியமும். கோடு எதுவும் கிடையாது. எங்கே குறை முடிந்து எங்கே கண்டது தொடங்குகிறது என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். “எரிகிறது என்கிறார்” என்றால் குறை. “நா வெளுப்பு, மாசு” என்றால் அவர் கண்டது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது வைத்தியசாலையின் ஓடு பறந்து, மூட்டையில் பாதி நனைந்திருக்கிறது. பந்துமுனைப் பேனாவில் எழுதியவை தப்பித்தன. மைப் பேனாவில் எழுதியவை நீலப் புகையாக இருந்தன. இதற்குப் பெரிய வித்தை தேவைப்படவில்லை. மொபைலில் எடுத்த வண்ணப் படத்தில் சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியே எடுத்தால், பழுத்த தாளும் பழுப்புக் கறையும் வெளுத்துப் போய் நீல மை கறுப்பாக எழுந்து நிற்கும். நீல மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது, பழுப்புக் கறை அவ்வளவாக விழுங்குவதில்லை, அவ்வளவுதான் சங்கதி.

```
magick 0214.jpg -channel R -separate 0214_r.png
```

படம் எடுக்கும்போது பெயர், ஊர் இருக்கும் மேல்பகுதியை ஒரு அட்டைத் துண்டால் மூடிவிட்டேன். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு ஒரு தனி நோட்டில், வைத்தியசாலை அலமாரியிலேயே இருக்கிறது. என் மடிக்கணினிக்கு அது வரவேயில்லை. ஒன்று மட்டும் முதலில் கவனிக்கவில்லை: ஐயா ஒவ்வொரு ஆண்டும் எண்ணை 1-லிருந்து தொடங்குவாராம். 214 என்று ஒருவருக்கு மேல் இருந்தார்கள். அதன்பிறகு எல்லாம் 2010/214 என்று ஆண்டோடு சேர்ந்தே.

முதல் முயற்சியில் நான் செய்தது டேட்டா வேலைக்காரன் எவனும் செய்யக்கூடிய தப்பு. நேராக ஒரு விரிதாளைத் திறந்து நோய், நாடி, மருந்து, அளவு, நாள் என்று நெடுவரிசை போட்டு, தாளைப் பார்த்துப் பார்த்து ‘சுத்தமாக’ நிரப்பினேன். சுருக்கத்தை விரித்தேன், எழுத்துப் பிழையைத் திருத்தினேன், நாடியை அகரவரிசைப்படுத்தினேன். நூறு தாள் முடித்துப் பெருமையாகக் காட்டப் போனேன். மகள் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார்.

“அண்ணா, இங்க ‘பித்த வாதம்’னு இருக்கு. தாள்ல ‘வாத பித்தம்’னு இருக்கே?”

“ரெண்டும் ஒண்ணு இல்லையா?”

இல்லை. நாடி பார்க்கும்போது ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம் எனும் கபம். எது மேலோங்கி நடக்கிறதோ அதை முதலில் சொல்வார்கள், துணையாக நடப்பதை அடுத்து. வாத பித்தத்தில் வாதம் தலைவன், பித்தவாதத்தில் பித்தம் தலைவன். நான் ஒரே கட்டத்தில் காற்புள்ளி வைத்து இரண்டையும் போட்டு, வரிசைப்படுத்தும் கட்டளையையும் ஓட்டியதில், யார் தலைவன் என்பதே நூறு தாளிலும் அழிந்துவிட்டது. விரிதாளிலிருந்து அதைத் திரும்பப் பெற வழியில்லை, ஏனென்றால் தாளில் இருந்த சொல்லை நான் எங்கும் வைத்திருக்கவில்லை.

நூற்றையும் தூக்கிப் போட்டேன். இரண்டாவது முறை ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தாளில் இருப்பது இருக்கிறபடியே முதலில் ஒரு கட்டத்தில் ஏறும். பிழை, சுருக்கம், அடித்தல் எல்லாம் அப்படியே. அதற்கு நான் கொள்ளும் பொருள் பக்கத்துக் கட்டங்களில். நாடிக்கு இப்போது முதல், துணை என்று இரண்டு கட்டம்.

கூடவே இன்னொன்று. எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு உண்டு. ஐயா எட்டையும் எல்லாருக்கும் எழுதியதில்லை. கட்டம் காலியாக இருந்தால் இயல்பு என்று பொருளா, பார்க்கவில்லை என்று பொருளா, பார்த்தும் எழுதவில்லையா? அவரையே கேட்டேன். “நல்லா இருந்தா எதுக்குத் தம்பி எழுதணும்?” என்றார். சரி, அப்போது காலி என்றால் இயல்பு என்று போட்டுவிடலாமா என்றதும் சிரித்தார். “கூட்டம் இருந்த அன்னிக்குப் பார்த்திருக்கவே மாட்டேன்.” ஆகவே ‘எழுதவில்லை’, ‘இயல்பு என எழுதியது’, ‘படிக்க முடியவில்லை’ என்று மூன்றையும் தனித்தனியாகவே வைத்தேன். வெற்றிடத்தை எதுவாகவும் நிரப்பவில்லை.

மருந்துப் பகுதிக்கான அட்டவணை இதுதான். ஒரு வருகையில் ஐந்து மருந்து இருந்தால் ஐந்து வரி.

```sql
CREATE TABLE regimen (
  visit_id   INTEGER,
  line_no    INTEGER,
  raw_text   TEXT NOT NULL,
  drug       TEXT,
  form       TEXT,
  qty        REAL,
  unit       TEXT,
  vehicle    TEXT,
  times      TEXT,
  days       INTEGER,
  note       TEXT,
  origin     TEXT CHECK (origin IN ('written','ditto')),
  from_visit INTEGER
);
```

`vehicle` என்பது அனுபானம்: தேன், நெய், பால், மோர், வெந்நீர். அதைக் குறிப்பு மாதிரி ஒதுக்கிவிட முடியாது. ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனிலும் இன்னொருவருக்கு நெய்யிலும் கொடுத்திருப்பார், அந்த வேறுபாடு அவர் வைத்தியத்தின் பாதி. கடைசி இரண்டு நெடுவரிசைகள் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் `unit`.

அளவில்தான் எனக்கு வயிறு கலங்கியது. ஐயா சூரணத்தை ‘கி’ என்று எழுதுவார், கிராம். பற்பம், செந்தூரத்தை ‘கு’ என்று எழுதுவார், குன்றி. ஒரு குன்றிமணி எடை சுமார் 130 மில்லிகிராம். அவசரக் கையெழுத்தில் கியின் மேல்விலங்கு மேலே போகாமல் வளைந்தால் கு மாதிரி இருக்கும், குவின் வால் கீழே இறங்காமல் நின்றால் கி மாதிரி இருக்கும். ‘சங்கு பற்பம் 2 கு’ என்பதை ‘2 கி’ என்று படித்தால் 260 மில்லிகிராம் 2 கிராமாகிவிடும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

இதை நான் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நோயாளிக்குப் பதினைந்து நாளில் மொத்தம் எவ்வளவு மருந்து போயிருக்கும் என்று சும்மா கூட்டிப் பார்த்தேன். காலை, மாலை, பதினைந்து நாள் என்றால் முப்பது வேளை. ஒருவருக்கே 60 கிராம் சங்கு பற்பம் வந்தது. மகளிடம் சொன்னதும், “நாங்க வாங்குற டப்பாவே நூறு கிராம்தான். ரெண்டு பேர் வந்தா காலியா?” என்றார். குன்றியாகக் கணக்குப் போட்டால் 7.8 கிராம். அதுதான் நடப்பு.

அதற்குப் பிறகு ஒரு சல்லடை போட்டேன்.

```sql
SELECT visit_id, line_no, raw_text
FROM regimen
WHERE form IN ('parpam','chenthuram')
  AND unit = 'g';
```

47 வரி வந்தது. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் குன்றியாக மாற்றிவிட கை பரபரத்தது. மாற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் படத்தைத் திறந்து, அதே தாளில் அவர் எழுதிய வேறு கி, கு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். 46 என் கண்ணின் பிழை. ஒன்றில் மட்டும் சந்தேகமே இல்லாமல் ‘கி’ என்றே இருந்தது. ஐயா பார்த்தார். “கை தவறியிருக்கும், குன்றிதான்” என்றார். அந்த வரியின் `raw_text` கி என்றே இருக்கிறது. பொருள் கொண்ட கட்டத்தில் குன்றி, பக்கத்தில் ‘வைத்தியர் சொன்னபடி’ என்ற குறிப்பும் தேதியும். அன்று நோயாளிக்கு எது போனது என்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி, அதை நான் அழிக்க முடியாது.

சில அளவுகளை நான் எண்ணாக்கவே இல்லை. ‘திரிகடி’ என்று வரும், மூன்று விரலால் எடுக்கும் அளவு. அதற்குச் சராசரி ஒரு கிராம் என்று போடலாமா என்று கேட்டேன். “என் விரலும் உன் விரலும் ஒண்ணா?” என்றார். `qty` காலி, `unit` திரிகடி. ‘ஒரு மண்டலம்’ என்பதற்கு மட்டும் அவர் எப்போதும் 48 நாள் என்று உறுதியாகச் சொன்னதால் 48 போட்டேன். 40 என்றும் 45 என்றும் கணக்கு வைக்கிறவர்கள் உண்டு, ஆகவே இன்னொருவரின் தாள்களுக்கு இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

ஐயா பழைய பள்ளியில் படித்தவர். ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்ற குறியைத்தான் போடுவார். நிலப் பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். முதல் வருகையில் மருந்தை முழுசாக எழுதுவார், அடுத்த வருகையில் ‘௸ 15 நாள்’ என்று முடித்துவிடுவார். எண்ணிப் பார்த்தால் மொத்த வருகைகளில் பாதிக்கு மேல் இந்த ஒற்றைக் குறிதான். இதை விரிக்காமல் விட்டால் ‘சங்கு பற்பம் எத்தனை நாள் சாப்பிட்டார்’ என்ற கேள்விக்கே விடை வராது. விரித்தால், எதை விரிப்பது?

என் நிரல் முதலில் எளிமையாக இருந்தது: ௸ கண்டால், அந்த நோயாளிக்கு அதற்குமுன் முழுசாக எழுதப்பட்ட மருந்தைக் கொண்டுவந்து ஒட்டு. சரிதானே என்று நினைத்தேன். 2010/214 அதை உடைத்தது.

அவர் ஒரு பெண்மணி, வயது 46. குறை: சாப்பிட்டபின் மேல்வயிறு எரிச்சல், புளித்த ஏப்பம், இரவில் அதிகம், மூன்று மாதமாக. கண்டது: நாடி பித்த வாதம், நா மாசு, மலம் கட்டு. நோய்: குன்மம். முதல் வருகை ஏப்ரல் 12. ‘ஏலாதி சூ 1 கி தேன், ச.ப 2 கு நெய், கா.மா 15 நாள். புளி, காரம் தள்ளு.’ இரண்டாவது வருகை ஏப்ரல் 27: ‘எரிச்சல் பாதி. ௸ 15 நாள்.’ மூன்றாவது, மே 12: ‘எரிச்சல் இல்லை. மலம் கட்டு. ௸, ச.ப வேண்டாம். திரிபலா சூ 1 கி வெந்நீர் இரவு.’ நான்காவது, மே 28: ‘சுகம். ௸ 15 நாள்.’

நான்காவது வருகையில் அவர் சாப்பிட்டது என்ன? மனிதருக்கு இது கேள்வியே இல்லை: ஏலாதியும் திரிபலாவும். என் நிரலோ முழுசாக எழுதிய மருந்தைத் தேடி ஏப்ரல் 12-க்கே போய், ஐயா நிறுத்திய சங்கு பற்பத்தை மறுபடி கொடுத்து, திரிபலாவை விட்டுவிட்டது. மூன்றாவது வருகையில் எழுதியிருப்பது ஒரு பட்டியல் அல்ல, முந்தைய பட்டியலில் செய்யும் மாற்றம். ஆகவே ௸ சுட்டுவது முந்தைய வருகையில் ‘எழுதியதை’ அல்ல, முந்தைய வருகை முடிவில் ‘நடப்பில் இருந்ததை’.

இதைப் புரிந்துகொண்டபின் வழி நேரானது. ஒரு நோயாளியின் வருகைகளைத் தேதி வரிசையில் வைத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். கையில் ஒரு நடப்புப் பட்டியல் இருக்கும். ௸ வந்தால் அதை அப்படியே இந்த வருகைக்கு எழுது. ‘வேண்டாம்’ வந்தால் அதிலிருந்து எடு. புதிதாக மருந்து வந்தால் சேர். ௸ இல்லாமல் புதுப் பட்டியல் வந்தால் பழையதை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதியதை வை. விரித்து வந்த வரிகளில் `origin` என்பது `ditto`, எந்த வருகையிலிருந்து வந்தது என்பது `from_visit`. அட்டவணையில் அந்த இரண்டு நெடுவரிசையும் இதற்குத்தான். ஐயா கைப்பட எழுதியது எது, நான் ஊகித்துக் கொண்டுவந்தது எது என்பது எந்த நாளும் பிரிந்தே இருக்க வேண்டும்.

பத்தியம் இந்த வழியில் சேராது என்பது ஐயா சொல்லித்தான் தெரிந்தது. ௸ என்றால் மருந்து மட்டும்தானாம். “மருந்து நிக்கிற வரைக்கும் பத்தியம் நிக்காது, அதைத் திரும்ப எழுதறது எதுக்கு?” ஆகவே பத்தியத்துக்கு வேறு அட்டவணை. தொடங்கிய வருகையும், மருந்து முழுவதும் நிறுத்தப்பட்ட வருகையும் அதில் இருக்கும். வருகைக்கு வருகை அதை நகலெடுப்பதில்லை.

சங்கிலி அறுந்த இடங்களைக் கண்டுபிடிக்க நாள் கணக்கு உதவியது. 214-ஐப் பாருங்கள்: பதினைந்து நாள் மருந்து கொடுத்தால், பதினைந்து, பதினாறாவது நாள் திரும்பி வந்திருக்கிறார். சில தாள்களில் பதினைந்து நாள் மருந்துக்குப் பின் அடுத்த வருகை இரண்டு மாதம் கழித்து, அதுவும் ‘௸’ என்று மட்டும். நோயாளியே வராமல் இருந்திருக்கலாம். அல்லது நடுவில் ஒரு தாள் தானே புயலோடு போயிருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் ௸ சுட்டுவது தொலைந்த தாளையே. ஆகவே இடைவெளி கொடுத்த நாளைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால் நிரல் ௸-ஐ விரிக்காமல் நின்றுவிடும். அப்படி நின்றவை 83. ஐயாவும் மகளும் உட்கார்ந்து 51-ஐத் தீர்த்தார்கள், பெரும்பாலும் தாளின் ஓரத்தில் குத்தூசித் துளை இருக்கிறதா என்று பார்த்து. துளை இருந்து பின்தாள் இல்லையென்றால் ஒன்று தொலைந்திருக்கிறது என்று பொருள். துருக்கறை இருந்தால் இன்னும் நிச்சயம். இந்த யோசனை மகளுடையது. என் படங்களில் துளை தெரியவே இல்லை, நான் விளிம்பை வெட்டி எடுத்திருந்தேன்.

சுருக்கங்களும் இதே கதைதான். ‘ச.ப’ எல்லா இடத்திலும் சங்கு பற்பம். ‘சி.ப’ மட்டும் இரண்டு: சிருங்கி பற்பம், சிலாசத்து பற்பம். இருமல், நெஞ்சு வலி என்றால் முதலாவது, நீர் எரிச்சல், வெள்ளை என்றால் இரண்டாவது என்று குறையை வைத்து ஊகிக்கலாம்தான். ஆனால் பிறகு யாராவது ‘இருமலுக்கு எந்தப் பற்பம் கொடுத்தார்’ என்று தேடினால், என் ஊகமே விடையாக வந்து நிற்கும். அதனால் 29 சி.ப-வையும் ஒன்றொன்றாக ஐயாவிடம் காட்டினேன். அனுபானத்தைப் பார்த்து நொடியில் சொன்னார், நான்கைத் தவிர. அந்த நான்கும் ‘சி.ப’ என்றே கிடக்கின்றன.

நோய்ப் பெயருக்குக் குறியீடு போடுவதைக் கடைசியில்தான் தொட்டோம். ஆயுஷ் அமைச்சகத்தின் நமஸ்தே தளத்தில் சித்த நோய்களுக்கென்று தனிக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. அதை மகள் மட்டுமே போட வேண்டும் என்று முடிவு. குன்மம் எட்டு வகை, ஐயா எழுதியிருப்பது ‘குன்மம்’ என்று மட்டும். நாடியில் பித்தம் முன்னால் நிற்கிறதே, பித்த குன்மம் என்று போடலாமே என்றேன். “அப்பா அப்படி எழுதலையே அண்ணா” என்றார். பொதுக் குன்மத்தின் குறியீடே ஏறியது. இந்த ஏழு மாதத்தில் நான் கற்றதை அவர் முதல் நாளே வைத்திருந்தார் போல.

இப்போது 1,038 தாள்களின் பதிவு தேடும் நிலையில் இருக்கிறது. 61 தாள் எந்த அலைவரிசையிலும் தேறவில்லை. அவற்றைத் தனி உறையில் போட்டு ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன், கூட்டமில்லாத மாலைகளில் பூதக்கண்ணாடியோடு பார்க்கிறார். போன வாரம் ஒன்றைப் படித்துவிட்டதாகப் போன் செய்தார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

“௸” என்றார்.